சுரங்கப்பாதை மேட்டில் கேட்ட சத்தம்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அக்காவின் வீட்டிலிருந்து சி.ஐ.டி. நகரில் இருந்த அவளுடைய அலுவலகத்துக்கு மூன்று கிலோமீட்டர்தான் தூரம். அரங்கநாதன் சுரங்கப்பாதையில் இறங்கி மறுபக்கம் ஏறி, இரண்டு சிக்னலைத் தாண்டினால் அலுவலகம் வந்துவிடும். பதினோரு ஆண்டுகள் அந்தக் கார் பெரும்பாலும் இந்த மூன்று கிலோமீட்டரைத்தான் ஓடியது. நான்கு சிலிண்டர், 1000 சிசி பெட்ரோல் இன்ஜின். மீட்டர் 58,000 காட்டியது. வயதுக்கு மிகவும் குறைவான ஓட்டம். "வண்டி புதுசு மாதிரி இருக்கு, ஆனா சுரங்கப்பாதை ஏறும்போது மட்டும் முனகுது" என்று அக்கா சொன்னபோதுதான் நான் முதல்முறையாக அருகில் உட்கார்ந்து கேட்டேன்.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து மூன்றாவது கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினாள். தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டு உலுக்குவதுபோல ஒரு சலசலப்பு முன்பக்கத்திலிருந்து வந்தது. காலை எடுத்ததும் உடனே நின்றது. மறுபடி அழுத்தினால் மறுபடி வந்தது. மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். "நாக் அடிக்குது" என்று சொல்வதும் உண்டு. கூடவே, அழுத்திய அளவுக்கு வண்டி முன்னேறவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயிற்று.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, இன்ஜினுக்குள் எரியும் அறையை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது, அதன் தலைக்கும் மேலே மூடியாக இருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் மிஞ்சும் சின்ன இடம்தான் எரியறை. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அந்த இடத்துக்குள் நெருக்கி அமுக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் கலவை வெடிக்கிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் நல்ல இன்ஜினில் வெடிப்பு நடப்பதில்லை. வயலில் காய்ந்த தாளைக் கொளுத்தினால் தீ ஒரு ஓரத்தில் பற்றி வரிசையாக மறு ஓரத்துக்கு நகர்வதுபோல, பிளக்கின் அருகில் பிறந்த தீ அறையின் மறுமூலை வரை பரவுகிறது. சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடும் வேலைதான், ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அழுத்தம் படிப்படியாக ஏறி, பிஸ்டன் மேல்முனையைத் தாண்டிச் சற்றே கீழிறங்கும்போது உச்சத்தைத் தொடுகிறது.

அந்த ஒழுங்கு கெட்டால்தான் நாக்கிங் வருகிறது. முன்னேறி வரும் தீ, தனக்கு முன்னால் இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவையை மேலும் நெருக்குகிறது. நெருக்க நெருக்க அதன் சூடு ஏறும். ஒரு எல்லையைத் தாண்டினால் தீ வந்து சேரும் முன்பே அந்த மூலைக் கலவை முழுவதும் ஒரே நொடியில் தானாகப் பற்றிக்கொள்ளும். இதுதான் உண்மையான வெடிப்பு. அதில் பிறக்கும் அழுத்த அலை அறையின் சுவர்களில் மோதி எதிரொலிக்கிறது. காரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கோலிக்குண்டு சத்தம் அந்த அதிர்வுதான். எப்போதாவது லேசாகக் கேட்டால் பெரிய சேதம் இல்லை. மாதக்கணக்கில் பலமாகத் தொடர்ந்தால் பிஸ்டனின் விளிம்பு அரிபடும், ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய பகுதி உடையும், ஹெட் காஸ்கெட் போகும்.

பெட்ரோல் இந்தத் தானாகப் பற்றுதலை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன் எண். அக்காவின் கார் சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. வாங்கிய முதல் சில ஆண்டுகள் அதே பெட்ரோலில் அதே மேட்டில் சத்தமில்லாமல் ஏறியது. அப்படியானால் மாறியது அறைதான். அறையை மாற்றியது கார்பன்.

கார்பன் என்றதும் அழுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அழுக்கு என்ற சொல் இங்கே வழிதவற வைக்கும். சட்டையில் ஒட்டிய அழுக்கு சட்டையின் அளவை மாற்றாது. எரியறையில் படிந்த கார்பன் அந்த அறையைச் சிறியதாகவும் சூடானதாகவும் ஆக்கிவிடுகிறது. இன்ஜினை வடிவமைத்தவர் கணக்குப் போட்டு வைத்த அறை இப்போது அங்கே இல்லை.

சிறியதாவது எப்படி என்று அக்காவின் இன்ஜினை வைத்தே கணக்குப் பார்க்கலாம். நான்கு சிலிண்டரும் சேர்ந்து 1000 சிசி என்றால் ஒன்றுக்கு 250. அதன் கம்ப்ரஷன் விகிதம் 9. அதாவது கலவை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். அப்படியானால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் அறையின் கொள்ளளவு 31 சிசிக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட இரண்டு மேசைக்கரண்டி. அதில் ஒன்றரை சிசி கார்பன் உட்கார்ந்துகொண்டால் விகிதம் 9.4 ஆகிவிடும். ஒன்றரை சிசி என்பது பெரிய குவியல் அல்ல. பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கால் மில்லிமீட்டர் கனத்துக்குக்கூட வராத ஒரு பூச்சு போதும். 9.4 விகிதத்துக்கு வடிவமைத்த இன்ஜின்கள் நிறைய உண்டு, ஆனால் இந்த இன்ஜின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

சூடு பெரும்பாலும் இதைவிட முக்கியமான காரணம். அடிபிடித்த பால் பாத்திரத்தின் கருகல் கெட்டியாக ஒட்டிக்கொண்டால் அடுப்பின் சூடு பாலுக்குச் சரியாக ஏறாது. எரியறையில் இதே விஷயம் தலைகீழாக நடக்கிறது. உலோகச் சுவர் வழியாகக் கூலண்ட் தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சூட்டைக் கார்பன் பூச்சு மறிக்கிறது. பூச்சின் மேற்பரப்பு கொதித்தபடியே இருக்கும். அடுத்த சுற்றுக்கு உள்ளே வரும் புதுக் கலவையை அது முன்கூட்டியே சூடாக்கிவிடும். ஏற்கெனவே சூடேறிய கலவையை வழக்கத்தைவிட அதிகமாக நெருக்கினால், மூலையில் கிடப்பது தானாகப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. சில சமயம் பூச்சின் ஒரு முனை கங்குபோலச் சிவந்து நின்று, பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சாவியைத் திருகி நிறுத்திய பிறகும் இன்ஜின் நாலைந்து தடவை உதறிக்கொண்டு ஓடுமே, அதற்கு இந்தக் கங்கு ஒரு முக்கியக் காரணம்.

எல்லா இன்ஜினிலும் கார்பன் படியும். புதிய இன்ஜினில் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் வேகமாக ஏறி, பிறகு ஒரு நிலைக்கு வந்து நிற்கும். ஒருபக்கம் படிவதும் மறுபக்கம் எரிந்து உதிர்வதும் சமமாகும் நிலை அது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் அந்தச் சமநிலை மெல்லிய பூச்சிலேயே வந்துவிடும். எரியறையின் மேற்பரப்பு 300 டிகிரியைத் தாண்டும் இடங்களில் கார்பன் நிலைப்பது கடினம், எரிந்துவிடும். நகரத்து மூன்று கிலோமீட்டரில் அந்தச் சூடு வருவதே இல்லை.

சென்னை வெயிலில் இன்ஜின் குளிர்ந்திருக்குமா என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் காலை 30 டிகிரி வெயில் என்பது இன்ஜினுக்குக் குளிர்தான். கூலண்ட் 80 டிகிரியைத் தாண்டிய பிறகே அது தன் இயல்புக்கு வருகிறது. இன்ஜின் ஆயில் முழுச் சூடு பிடிக்க இன்னும் நேரமாகும். அதுவரை சுவர்களில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் இன்ஜின் வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோலை எடுத்துக்கொள்கிறது. அதில் எரியாமல் மிஞ்சுவது கரியாகிறது. இன்ஜின் சூடேறி முடிக்கும் நேரத்தில் அக்கா அலுவலக வாசலில் சாவியை அணைத்துவிடுவாள். மாலையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சிக்னலில் நிற்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் பலமாக இருக்கும். வால்வின் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் முதிர்ந்து இறுகிப்போயிருந்தால், அந்த வெற்றிடம் மேலிருந்து ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுக்கும். பெட்ரோலைவிட ஆயில் பல மடங்கு கெட்டியான கரியை விட்டுச் செல்லும்.

மூன்றாவது காரணம் ஓட்டும் பழக்கம், அது சத்தத்தை வெளியே கொண்டுவருவது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று 30 கிலோமீட்டர் வேகத்திலேயே நான்காவது கியருக்குப் போய்விடுகிறோம். மேடு வந்தாலும் கியரைக் குறைக்காமல் காலை அழுத்துகிறோம். சுற்று குறைவு, சுமை அதிகம் என்ற இந்த நிலையில் மூலைக் கலவை நெருக்கத்திலும் சூட்டிலும் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. நாக்கிங் முதலில் தலைகாட்டுவது இங்கேதான். சுரங்கப்பாதை மேட்டில் அக்கா இரண்டாவது கியருக்கு இறக்கியிருந்தால் இன்னும் ஓராண்டு அது கேட்காமலே போயிருக்கும்.

அக்கா முதலில் போன பட்டறையில் ஐந்தே நிமிடத்தில் சத்தத்தை நிறுத்திக் கொடுத்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் தளர்த்தித் திருப்பி, பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பொறி தாமதமானால் உச்ச அழுத்தம் குறையும், மூலைக் கலவை பற்றாது. ஆனால் ஊஞ்சல் ஆட்டுபவர் ஒவ்வொரு முறையும் ஊஞ்சல் பாதி தூரம் போன பிறகு தள்ளினால் அது எப்படி வீசி ஆடும்? பிஸ்டன் ஏற்கெனவே கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது அழுத்தம் வந்து சேர்ந்தால், பெட்ரோலின் சூடு வேலையாக மாறாமல் சைலன்சர் வழியே வெளியேறுகிறது. அடுத்த மூன்று மாதம் கார் சத்தம் போடவில்லை. பிக்கப்பும் இல்லை, மைலேஜும் இறங்கியது.

பிக்கப் குறைவதில் பெரும்பங்கு கார்பனுக்கு நேரடியாகச் சேராது, நாக்கிங்கைத் தவிர்க்க நாமோ இன்ஜினோ எடுக்கும் தற்காப்புக்குத்தான் சேரும். இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. நாக் சென்சார் என்ற ஒரு சின்னக் காது இன்ஜின் உடலில் திருகப்பட்டிருக்கும். அந்த அதிர்வைக் கேட்டவுடன் கணினி பொறியைத் தாமதப்படுத்திவிடும். அதனால் புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சத்தமே கேட்காமல் போகலாம், "முன்ன மாதிரி இழுக்கல" என்ற புகார் மட்டும் மிஞ்சும். அந்தப் பட்டறைக்காரர் கையால் செய்ததைக் கணினி நொடிக்குப் பல முறை செய்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

மூன்று மாதம் கழித்து நான் அக்காவின் காரை சைதாப்பேட்டையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியவர். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் தொழில் கற்றவர். அந்த வண்டிகளுக்கு ஹெட்டைக் கழற்றிக் கார்பன் சுரண்டுவது, பிளக் மாற்றுவதுபோல வழக்கமான வேலைகளில் ஒன்று. ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய நாட்கள் அவை. எரியறைப் படிவில் ஈயச் சேர்மங்களும் கலந்திருக்கும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இல் ஈயமற்ற பெட்ரோல் வந்தது, 2000-த்தில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. நாக்கிங்கைத் தடுக்கத்தான் பெட்ரோலில் ஈயமே சேர்த்தார்கள். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த அந்த வழி, பல பத்தாண்டுகள் உலகத்துக் காற்றையும் குழந்தைகளின் ரத்தத்தையும் நஞ்சாக்கியது. இந்தச் சின்னச் சத்தத்தை அடக்க மனிதர்கள் கொடுத்த விலை அது என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

பெரியவர் ஹெட்டில் கை வைக்கவில்லை. முதலில் டைமிங் லைட்டை வைத்துப் பார்த்து, "யாரோ திருப்பி வெச்சிருக்காங்க தம்பி" என்றார். புத்தகத்தில் சொன்ன இடத்துக்குக் கொண்டுவந்தார். சத்தம் திரும்பி வந்தது. "இப்பதான் வியாதி தெரியுது" என்று சொல்லிவிட்டு, கார்பனைப் போலவே நாக்கிங் தரக்கூடிய மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சரியாக இருந்தன, சூடு ஏறவில்லை. காற்றுக் குழாயில் கசிவு இல்லை. இருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று மிகும், அதுவும் நாக்கிங் தரும். பிளக்குகள் இந்த இன்ஜினுக்கு உரிய ரகம்தான். டாப்பெட் சத்தமா என்றும் பார்த்தார். டாப்பெட் சத்தம் சும்மா நிற்கும்போதும் கேட்கும், சுற்றோடு சீராக ஏறும், மேட்டுக்காகக் காத்திருக்காது.

நான்கு பிளக்குகளும் வரிசையாக விரித்த துணிமேல் கிடந்தன. மூன்று வறண்ட கறுப்பு, ஒன்று மட்டும் ஆயில் ஈரத்தோடு மினுங்கியது. அது மூன்றாவது சிலிண்டருடையது. பிறகு கம்ப்ரஷன் கேஜை எடுத்தார். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஒருவர் ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். நான்தான் அழுத்திப் பிடித்தேன். இந்த இன்ஜினுக்குச் சரியான அளவு சதுர சென்டிமீட்டருக்கு 12.5 கிலோ. எங்களுக்குக் கிடைத்தவை 13.3, 13.5, 10.5, 13.2.

பழைய இன்ஜினில் அழுத்தம் தேய்மானத்தால் குறையும் என்பதே எல்லோரும் எதிர்பார்ப்பது. இங்கே மூன்று சிலிண்டர்களில் அது புதிய இன்ஜினைவிடக் கூடியிருந்தது. பதினோரு வயது இன்ஜினில் கேஜ் இப்படிக் காட்டினால், அறை சுருங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஏன் இறங்கியது? பெரியவர் பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும். 10.5 அசையவில்லை. "ரிங் இல்ல, வால்வு சரியா உக்காரல. ஹெட்ட எடுத்துடலாம்" என்றார்.

அந்த மூன்றாவது எண் இல்லாமல் இருந்தால் அவர் ஹெட்டைத் திறந்திருக்க மாட்டார். அதை அவரே சொன்னார். கார்பன் மட்டும்தான் குற்றவாளி என்றால் முதலில் லேசான வழிகளை முயல வேண்டும் என்பது அவர் கொள்கை, எனக்கும் அது சரியென்றே படுகிறது. முதல் வழி வண்டியை நன்றாக ஓட்டுவது. தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் அதிகாலையில் செங்கல்பட்டு வரை போக வேண்டும். வேக வரம்புக்குள், ஒரு கியர் குறைத்து, சுற்று 3,000-லிருந்து 4,000 வரை நிற்கும்படி அரைமணி நேரம் ஓட்டினால் மென்மையான படிவு ஓரளவு எரிந்து போகும். நாள்பட்டுக் கல்லாகிப்போனது போகாது.

அடுத்தது பெட்ரோலில் ஊற்றும் மருந்து. கடைகளில் விற்கும் எல்லாப் பாட்டிலும் ஒன்றல்ல. வால்வையும் இன்ஜெக்டரையும் சுத்தம் செய்யும் பழைய வகை மருந்துகள் சில எரியறையில் தாமே கார்பனாகப் படிந்துவிடும் குணம் உடையவை. எரியறைக்குப் பயன்படுவது பாலிஈதர் அமீன் என்ற வகை, அது எரியும்போது மிச்சம் வைப்பதில்லை. பாட்டிலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, சொன்ன அளவில் ஒரு டேங்க் முழுக்க ஓட்டி முடிக்க வேண்டும். கழுவிய கழிவில் ஒரு பகுதி ஆயிலில் கலப்பதால் அடுத்து ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது. ஓடும் இன்ஜினின் காற்றுக் குழாயில் தண்ணீரைத் தெளித்து நீராவியால் கார்பனை உதிர்க்கும் பழைய வித்தையும் உண்டு. அதைத் தெரியாதவர்கள் செய்யவே கூடாது. தண்ணீர் கொஞ்சம் அதிகமாக உள்ளே போனால் பிஸ்டனால் அதை நெருக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஹெட் திறந்தது ஒரு சனிக்கிழமை. பிஸ்டன் தலைகள் கருகிய அடைபோல மேடும் பள்ளமுமாக இருந்தன. மூன்றாவது சிலிண்டரின் வெளியேற்றும் வால்வின் விளிம்பில், அரிசி மணியில் பாதி அளவுக்கு ஒரு கார்பன் சில்லு சிக்கி நசுங்கியிருந்தது. 10.5-க்குக் காரணம் அதுதான். உள்ளிழுக்கும் வால்வுகளின் பின்புறத்திலும் பஞ்சுபோன்ற கறுப்புப் படிவு இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வரும் பெட்ரோலில் கொஞ்சத்தை அந்தப் பஞ்சு முதலில் உறிஞ்சிக்கொள்ளும். முதல் நொடியில் வண்டி தயங்குவதற்கு அதுவும் காரணம்.

நான் கேட்டுக்கொண்டதால் பெரியவர் ஒரு அளவு எடுக்கச் சம்மதித்தார். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைத் திருகி, முதல் அறையின் மேல் கிரீஸ் தடவிய அக்ரிலிக் தகட்டை மூடி, அதிலிருந்த ஓட்டை வழியாக மருந்துக்கடை ஊசியால் மண்ணெண்ணெய் நிரப்பினோம். 26.4 மில்லி பிடித்தது. சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு அதே அறையில் 27.4 மில்லி பிடித்தது. ஹெட்டில் மட்டும் ஒரு சிசி. பிஸ்டன் தலையிலிருந்து வந்தது அதில் பாதியாவது இருக்கும்.

சுரண்டும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹெட் அலுமினியம், அதனால் இரும்புத் தகட்டைத் தொடவே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மூங்கில் பட்டையாலும் பித்தளைத் தகட்டாலும் எடுத்தார். காஸ்கெட் உட்காரும் பரப்பில் ஒரு கீறல்கூட விழக் கூடாது, விழுந்தால் கூலண்ட் கசியும். பிஸ்டனைச் சுரண்டும் முன் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் கிரீஸ் பூசினார். உதிரும் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும், ரிங்குக்குள் இறங்காது. பிஸ்டன் தலையின் ஓரத்தில் மெல்லிய வளையமாகக் கார்பனை அப்படியே விட்டுவிட்டார். அதை எடுத்தால் தேய்ந்த இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கும் என்பது பழைய கைவேலைப் புத்தகங்களும் சொல்லும் விஷயம்.

பிறகு வால்வுகளை கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேய்த்து உட்காரவைத்தார். கழற்றிய வால்வு சீல்களை என் கையில் கொடுத்தார். ரப்பராக வளைய வேண்டியவை, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக்போல உடைந்தன. "இத மாத்தாம கார்பன் மட்டும் எடுத்தா, ஒரு வருஷத்துல திரும்ப வந்து நிப்பீங்க" என்றார். எட்டு சீல்களையும் மாற்றினார். புது ஹெட் காஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சால் இறுக்கினார். ஆயிலும் ஃபில்டரும் மாறின.

மறுபடி அளந்தபோது நான்கும் 12.3-க்கும் 12.6-க்கும் நடுவில் நின்றன. டைமிங் புத்தகம் சொன்ன இடத்திலேயே இருந்தது. திங்கட்கிழமை காலை நானும் அக்காவோடு போனேன். ஏசி ஓட, மூன்றாவது கியரில், அதே மேட்டில் அவள் வேண்டுமென்றே அழுத்தினாள். டயர் சத்தம்தான் கேட்டது.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 110 சிசி இன்ஜினின் எரியறை 13 சிசிதான் இருக்கும். அங்கே அரை சிசி கார்பனே காரில் ஒன்றரை சிசி செய்த வேலையைச் செய்துவிடும். பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் மட்டும் ஓடும் வண்டி என்றால் இன்னும் விரைவில் வரும். புதிதாக வரும் சில கார்களில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. உள்ளிழுக்கும் வால்வைப் பெட்ரோல் கழுவிவிடும் வாய்ப்பு அங்கே இல்லாததால், வால்வுப் படிவு அவற்றில் தனித் தொல்லை. டேங்கில் ஊற்றும் மருந்து அந்த வால்வைப் போய்த் தொடாது.

ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டால் சத்தம் அடங்குமா என்று பலர் கேட்கிறார்கள். அடங்கும். அறை சுருங்கியது சுருங்கியபடியே இருக்கும், லிட்டருக்குக் கூடுதல் காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும். வேலைக்கு நாள் குறிக்கும் வரை வண்டியைக் காப்பாற்ற அதைப் போடலாம், சிகிச்சை என்று எண்ண வேண்டாம்.

உங்கள் வண்டியில் இந்தச் சத்தம் கேட்டால் முதலில் கியரைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் கேட்டால் பட்டறைக்குப் போய், எதையும் திருப்புவதற்கு முன் கம்ப்ரஷன் அளந்து எண்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கு பிளக்கைக் கழற்றி மாட்டும் அரைமணி நேர வேலைதான் அது. அந்தத் தாளை வண்டியின் புத்தகத்தோடு வைத்திருங்கள்.